கேட்க வேண்டியதைக் கேட்கும் கடிதம்



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கடிதம். மளிகைப் பொருள்களை மொத்தமாக வழங்கும் ஒரு நிறுவனம், தன்னிடம் கடனுக்குச் சரக்கு வாங்கிய சில்லறைக் கடைக்காரருக்கு, தவணை கடந்துவிட்ட தொகையைக் கேட்டு எழுதும் கடிதம் அது.

இதனை ஏன் ஒரு மொழிச் சொற்பொழிவின் பொருளாக்க வேண்டும் என்று சிலர் எண்ணலாம். சிங்கப்பூரில் தமிழ் வணிகர் இருவர் சரக்கைப் பற்றித் தமிழில் பேசுகின்றனர். விலையைத் தமிழில் பேரம் பேசுகின்றனர். எத்தனை மூட்டை வேண்டும் என்பதையும் தமிழிலேயே சொல்கின்றனர். ஆனால் பணம் கேட்கும் கட்டம் வந்தவுடன் கடிதம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். காரணம் கேட்டால், "தமிழில் எழுதினால் ஒன்று கெஞ்சுவது போல் இருக்கிறது, இல்லையென்றால் சண்டைக்கு இழுப்பது போல் இருக்கிறது" என்ற விடை கிடைக்கிறது.

இந்த விடையில் பாதி உண்மை உண்டு. தமிழில் எழுதப்படும் இத்தகைய கடிதங்கள் பல, அந்த இரண்டில் ஒன்றாகத்தான் அமைகின்றன. ஆனால் அக்குறை மொழியுடையதா, எழுதும் முறையுடையதா என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி. விடை காண, ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு அதன் கடிதத்தைச் சொல் சொல்லாக எழுதிப் பார்ப்போம். கணக்கில் வருவோர் எடுத்துக்காட்டுக்காக நாம் அமைத்துக்கொண்டவர்கள். ஆனால் இப்படி ஒரு கணக்கு இல்லாத மொத்த வணிகர் அரியர்.

கணக்கு சொல்வது என்ன?

கடைக்காரர் எட்டு ஆண்டுகளாகச் சரக்கு எடுப்பவர். வழங்குநரைவிட வயதில் மூத்தவர். தொலைபேசியில் அவரை "அண்ணன்" என்றே அழைப்பது வழக்கம். இருவருக்குமான ஏற்பாட்டின்படி, விலைப்பட்டியல் தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் பணம் செலுத்தப்பட வேண்டும். எட்டு ஆண்டுகளில் சில நாள் தாமதங்கள் உண்டு. பெரிய சிக்கல் எதுவும் வந்ததில்லை.

2025ஆம் ஆண்டில் நிலைமை மாறுகிறது. மார்ச் 5, மார்ச் 26, ஏப்ரல் 9 ஆகிய நாள்களில் மூன்று முறை சரக்கு போகிறது. அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி முதலியவை. தொகைகள் முறையே 2,180 வெள்ளி, 1,635 வெள்ளி, 1,308 வெள்ளி. ஆக மொத்தம் 5,123 வெள்ளி. மூன்றிலும் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி அடங்கும். ஏப்ரல் 11ஆம் தேதி வாட்ஸ்அப்பில் ஒரு நினைவூட்டல் போனது. மே 2ஆம் தேதி தொலைபேசியில் பேசியபோது, "அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன்" என்றார் கடைக்காரர். அடுத்த வாரம் வந்தது, போனது. மே 19, திங்கட்கிழமை, வழங்குநர் கடிதம் எழுத அமர்கிறார்.

அவர் நிலையையும் நாம் அறிய வேண்டும். இறக்குமதியாளருக்கு அவர் தர வேண்டிய தொகைக்குத் தவணை உண்டு. கடைக்காரரிடமிருந்து வாராத பணத்துக்கு வரியும் கட்டியாயிற்று. வரிக் கணக்கைக் காலாண்டுதோறும் கொடுப்பவர், பணம் கைக்கு வந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தன்றி, விலைப்பட்டியலைப் பொறுத்தே பொதுவாக வரி செலுத்த வேண்டும். மார்ச் மாதத்து இரண்டு பட்டியல்களின் வரி 180 வெள்ளியும் 135 வெள்ளியுமாக 315 வெள்ளி. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு உரிய அத்தொகையை ஏப்ரல் இறுதிக்குள் அவர் தம் கையிலிருந்து கட்டிவிட்டார். வாராக் கடன் என்று காட்டி அதனைத் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் அதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் கழிய வேண்டும். ஆகவே தாமதம் என்பது அவருக்கு வெறும் காத்திருப்பன்று. கையிலிருந்து போகும் பணம்.

மறுபக்கத்தில் எட்டு ஆண்டு உறவு இருக்கிறது. கடைக்காரருக்கு உண்மையாகவே ஏதேனும் இடர் நேர்ந்திருக்கலாம். கடிதம் பணத்தையும் கொண்டுவர வேண்டும். உறவையும் கெடுக்கக் கூடாது.

இரண்டு வரைவுகள்

முதலில் எழுதப்படும் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, பணிவான வணக்கங்கள். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க இறைவனை வேண்டுகிறோம். தங்களைத் தொந்தரவு செய்வதற்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறோம். எங்களுக்கு வர வேண்டிய ஒரு சிறு தொகை சில காலமாக நிலுவையில் இருப்பதாகத் தெரிகிறது. தங்களுக்கு வசதிப்படும்போது, கூடிய விரைவில் அதனை அனுப்பி உதவினால் பெரிதும் நன்றியுடையவர்களாக இருப்போம்."

இது பலன் தராமற் போனால், அதே கை இரண்டாவதாக இப்படி எழுதும்:

"பலமுறை நினைவூட்டியும் நீங்கள் வேண்டுமென்றே பணம் செலுத்தாமல் காலம் கடத்தி வருகிறீர்கள். எங்கள் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. உடனடியாக முழுத் தொகையையும் செலுத்தாவிட்டால் கடும் நடவடிக்கை எடுக்க நேரிடும் என்று இதன்மூலம் எச்சரிக்கிறோம்."

முதலாவது கெஞ்சுகிறது; இரண்டாவது மிரட்டுகிறது. ஒன்றுக்கொன்று நேர்மாறானவை போல் தோன்றினாலும், இரண்டும் ஒரே குறையை உடையவை. இரண்டிலும் தொகை இல்லை. எந்தப் பட்டியல் என்பது இல்லை. எந்த நாளுக்குள் என்பது இல்லை. எந்தக் கணக்கில் என்பதும் இல்லை. இவற்றைப் பெறும் கடைக்காரர், உடனே பணம் கட்ட விரும்பினால்கூட, எவ்வளவு கட்டுவது என்று தொலைபேசியில் அழைத்துத்தான் கேட்க வேண்டும். முதற்கடிதம் விவரத்தின் இடத்தைப் பணிவுச் சொற்களால் நிரப்பிற்று. இரண்டாம் கடிதம் அதே இடத்தைக் கோபச் சொற்களால் நிரப்பிற்று.

மேலும், முதற்கடிதத்தின் பணிவு கோரிக்கையையே கரைத்துவிடுகிறது. "சிறு தொகை" என்றால் அவசரமில்லை என்று பொருள். "நிலுவையில் இருப்பதாகத் தெரிகிறது" என்றால் எழுதுபவருக்கே உறுதியில்லை என்று பொருள். "வசதிப்படும்போது" என்பது தவணையையே கடைக்காரர் கையில் கொடுத்துவிடுகிறது. "அனுப்பி உதவினால்" என்னும்போது, விற்ற பொருளுக்கு உரிய விலை ஒரு நன்கொடையாக மாறிவிடுகிறது. கொடுக்க வேண்டியவர் உதவி செய்பவராகவும், பெற வேண்டியவர் உதவி கேட்பவராகவும் இடம் மாறிவிட்டனர்.

கடிதம்

இப்பொழுது மூன்றாவதாக ஒரு கடிதம் எழுதுவோம்.

"19 மே 2025

திரு. ______ அவர்களுக்கு,

பொருள்: தவணை கடந்த மூன்று விலைப்பட்டியல்கள் – மொத்தம் 5,123 வெள்ளி

ஐயா, வணக்கம்.

கீழ்க்காணும் மூன்று விலைப்பட்டியல்களுக்கு உரிய தொகை இன்றுவரை எங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேரவில்லை.

எண் 1047, தேதி 5 மார்ச் 2025, தொகை 2,180 வெள்ளி. தவணை 4 ஏப்ரல். கடந்த நாள்கள் 45.

எண் 1082, தேதி 26 மார்ச் 2025, தொகை 1,635 வெள்ளி. தவணை 25 ஏப்ரல். கடந்த நாள்கள் 24.

எண் 1116, தேதி 9 ஏப்ரல் 2025, தொகை 1,308 வெள்ளி. தவணை 9 மே. கடந்த நாள்கள் 10.

மொத்தம் 5,123 வெள்ளி (ஐயாயிரத்து நூற்று இருபத்து மூன்று வெள்ளி).

இதுபற்றி ஏப்ரல் 11ஆம் தேதி வாட்ஸ்அப்பில் நினைவூட்டியிருந்தோம். மே 2ஆம் தேதி தொலைபேசியில் பேசியபோது, அடுத்த வாரம் செலுத்துவதாகத் தாங்கள் தெரிவித்தீர்கள்.

மேற்கண்ட தொகையை மே 30ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை 5 மணிக்குள் எங்கள் கணக்கில் சேரும்படி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். வங்கிக் கணக்கு விவரம் கடிதத்தின் அடியில் உள்ளது.

தொகையை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அனுப்பிய தேதியையும் வங்கிப் பதிவெண்ணையும் தெரிவியுங்கள்; எங்கள் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொள்கிறோம். சரக்கின் அளவிலோ தரத்திலோ விலையிலோ தங்களுக்கு மறுப்பு இருந்தால், எந்தப் பட்டியலில், எந்தப் பொருள் என்பதை மே 23ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். முழுத் தொகையையும் ஒரே முறையில் செலுத்த இயலாத நிலை இருப்பின், எந்தெந்த நாளில் எவ்வளவு செலுத்த இயலும் என்பதை அதே நாளுக்குள் தெரிவியுங்கள்; அதைப் பற்றிப் பேச அணியமாக இருக்கிறோம்.

இத்தொகை வந்து சேரும் வரை, புதிய சரக்கை ரொக்கத்துக்கு மட்டுமே அனுப்ப இயலும்.

எட்டு ஆண்டுகளாகத் தொடரும் நமது வணிகம் இதனால் தடைபடாது என்று நம்புகிறோம்.

இங்ஙனம்,
(கையொப்பம்)

இணைப்பு: மூன்று விலைப்பட்டியல்களின் படிகள், கடை முத்திரையும் கையொப்பமும் உள்ள டெலிவரி ஆர்டர்களின் படிகள்."

இதில் கோபச் சொல் ஒன்றும் இல்லை. கெஞ்சும் சொல்லும் இல்லை. ஆனால் கடைக்காரர் இதனைப் படித்த பின் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல இடமும் இல்லை.

எங்கே மென்மை, எங்கே உறுதி

இக்கடிதத்தின் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். "தாங்கள் செலுத்தவில்லை" என்று எழுதாமல், "எங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேரவில்லை" என்று எழுதியிருக்கிறோம். இதனை வெறும் நயம் என்று கொள்ளலாகாது. வழங்குநர் உறுதியாக அறிந்தது அவ்வளவுதான். கடைக்காரர் பணத்தை அனுப்பி, அது வேறு வாடிக்கையாளர் பெயரில் பதிவாகியிருக்கலாம். கணக்கு எண்ணில் பிழை நேர்ந்திருக்கலாம். "செலுத்தவில்லை" என்று குற்றஞ்சாட்டிய பின் பணம் வந்திருந்தது தெரியவந்தால், மன்னிப்புக் கேட்க வேண்டியவர் வழங்குநர். "சேரவில்லை" என்று எழுதியவருக்கு அந்த இடர் இல்லை. செலுத்துபவரை விட்டு, தொகையையே எழுவாயாக்கும் இவ்வமைப்பு தமிழுக்கு இயல்பானது. இங்கே பணிவு என்பது, அறிந்ததை மட்டும் எழுதுவதால் வருகிறது.

அதே காரணத்தால்தான் "அடுத்த வாரம் செலுத்துவதாகத் தாங்கள் தெரிவித்தீர்கள்" என்பதோடு நிறுத்திவிட்டோம். "வாக்குத் தவறினீர்கள்" என்று சேர்த்தால், கடைக்காரர் தம் மானத்தைக் காப்பதற்காகப் பதில் எழுதுவார். பணத்தைப் பற்றி எழுத மாட்டார். தேதியும் சொன்ன சொல்லும் அடுத்தடுத்து நிற்கும்போது, அவற்றினிடையே உள்ள தொலைவை அவரே உணர்வார்.

அடுத்து, 'நாங்கள்', 'நாம்' என்னும் வேறுபாடு. முன்னிலையாரை விலக்கும் தன்மைப் பன்மை 'நாங்கள்'. அவரையும் உட்படுத்துவது 'நாம்'. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கிறது. தமிழ்க் கடிதத்திலோ இவ்விரண்டையும் கொண்டு ஒரு கோடு போட முடியும். தொகை பற்றிய இடங்களில் எல்லாம் "எங்கள் கணக்கு" என்று விலக்கி எழுதியிருக்கிறோம். உறவு பற்றிய ஒரே இடத்தில் மட்டும் "நமது வணிகம்" என்று உட்படுத்தி எழுதியிருக்கிறோம். இதனை மாற்றி, "நமக்கு வர வேண்டிய தொகை" என்று எழுதினால் பொருள் குழம்பும். "எங்கள் வணிகம் தடைபடாது" என்று எழுதினால் கடைக்காரர் வெளியே நிறுத்தப்படுவார்.

'தாங்கள்', 'நீங்கள்' என்பவற்றிலும் இத்தகைய கவனம் வேண்டும். எதை எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. எடுத்துக்கொண்டதை மாற்றுவதுதான் தவறு. முதற்கடிதத்தில் 'தாங்கள்' என்றவர் இரண்டாம் கடிதத்தில் 'நீங்கள்' என்று இறங்கினால், தமிழறிந்தவர் எவரும் அந்த இறக்கத்தை உடனே கேட்டுவிடுவார். முன்பு நாம் பார்த்த இரண்டு வரைவுகளிலும் அதுவே நிகழ்ந்தது. மரியாதையைக் குறைப்பதால் உறுதி கூடுவதில்லை. "அண்ணன்" என்னும் விளியும் தொலைபேசிக்கு உரியது. அதனைக் கடிதத்தில் கொண்டுவந்தால், தம்பி அண்ணனிடம் கேட்கும் கேள்வியாகக் கணக்கு மாறிவிடும். "ஐயா" என்பது இருவரையும் சம தொலைவில் வைக்கிறது.

இனி, தேதி. "கூடிய விரைவில்", "இன்னும் ஒரு வாரத்தில்" என்பவை தேதிகள் ஆகமாட்டா. ஒரு வாரம் என்பது கடிதம் எழுதிய நாளிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா என்னும் ஐயம் எழும். "மே 30ஆம் தேதிக்குள்" என்று எழுதினாலும், 30ஆம் தேதி சேருமா சேராதா என்று கேட்பவர் உண்டு. 'உள்' என்னும் சொல் அத்தகையது. கிழமையையும் மணியையும் சேர்த்தவுடன் அந்த ஐயம் நீங்குகிறது. "சேரும்படி" என்பதையும் விடாதீர்கள். அனுப்பிய நாள் வேறு, சேரும் நாள் வேறு.

'விலைப்பட்டியல்' என்னும் சொல்லையும் இங்கே ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். பொருள்களின் விலைகளைத் தெரிவிக்கும் பட்டியலையும் அச்சொல் குறிக்கும். கடையில் இன்வாய்ஸ் என்று வழங்கும் சீட்டையும் குறிக்கும். எண், தேதி, தொகை என்னும் மூன்றையும் சேர்த்தெழுதினால், எதனைச் சொல்கிறோம் என்பதில் மயக்கம் வராது. பேச்சில் 'இன்வாய்ஸ்' என்பவரும் கடிதத்தில் அவ்வெண்ணைப் பார்த்தவுடன் தம் கோப்பில் தேடி எடுத்துக்கொள்வார்.

இறுதியாக, விளைவு. "செலுத்தாவிட்டால் சரக்கை நிறுத்துவோம்" என்பது நிபந்தனை. எதிர்காலத்தில் ஓர் அடி விழும் என்று சொல்கிறது. "தொகை வந்து சேரும் வரை, புதிய சரக்கை ரொக்கத்துக்கு மட்டுமே அனுப்ப இயலும்" என்பது நிலைமை. இப்பொழுது உள்ளதைச் சொல்கிறது. 'ஆவிட்டால்' என்னும் இடத்தில் 'வரை' வந்ததும், முடிவு கடைக்காரர் கையில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே விளங்குகிறது. அவர் பணம் செலுத்திய அன்றே அந்நிலை நீங்கும். மேலும், ரொக்கத்துக்குத் தருவோம் என்பதால் அவர் கடையை மூட வைக்கும் எண்ணம் இல்லை என்பதும் தெரிகிறது. எழுதிய விளைவைச் செய்தே ஆக வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். "ரொக்கத்துக்கு மட்டும்" என்று எழுதிவிட்டு, அடுத்த புதன்கிழமை பத்து மூட்டை அரிசியைக் கடனுக்கு அனுப்பினால், அந்தக் கடிதமும் இனி எழுதப்போகும் கடிதங்களும் மதிப்பிழக்கும்.

தாமதத்துக்கு வட்டி கேட்கலாமா என்று சிலர் வினவுவர். விற்பனை நிபந்தனையில் முன்பே ஒப்புக்கொண்ட வட்டி இருந்தால், அதன் வீதத்தையும் அது தொடங்கும் நாளையும் எழுதலாம். இல்லாத வட்டியைக் கடிதத்தில் புதிதாகப் படைத்து எழுதக் கூடாது. எழுதினால், உரிய தொகையைப் பற்றிய பேச்சு போய், உரிமையில்லாத வட்டியைப் பற்றிய வாதம் தொடங்கிவிடும்.

பதில் வந்தால்

கடிதம் மூன்று வாயில்களைத் திறந்து வைத்தது: ஏற்கெனவே அனுப்பினேன், மறுப்பு இருக்கிறது, தவணை வேண்டும். நம் கடைக்காரர் இரண்டாம் வாயிலால் வருகிறார் என்று கொள்வோம். "எண் 1116இல் வந்த மிளகாய் வற்றலில் இரண்டு மூட்டைகள் ஈரம் பட்டிருந்தன, அவற்றின் விலை வரியோடு 218 வெள்ளி. அதைத் தீர்த்த பிறகு பார்ப்போம்" என்று மே 22ஆம் தேதி எழுதுகிறார்.

"அதைத் தீர்த்த பிறகு" என்னும் சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. 218 வெள்ளி பற்றிய ஐயம், 5,123 வெள்ளி முழுவதையும் நிறுத்தி வைக்கிறது. வழங்குநர் செய்ய வேண்டியது, மறுப்புள்ளதையும் இல்லாததையும் பிரிப்பது. டெலிவரி ஆர்டரை எடுத்துப் பார்க்கிறார். கையொப்பத்தின் அருகே "2 மூட்டை ஈரம்" என்று கடைப் பணியாளர் குறித்திருக்கிறார். ஓட்டுநர் அதனை அலுவலகத்தில் சொல்லவில்லை. பிழை வழங்குநர் பக்கம். அன்றே பதில் போகிறது:

"டெலிவரி ஆர்டரைச் சரிபார்த்தோம். தாங்கள் குறிப்பிட்டது சரி, வருந்துகிறோம். 218 வெள்ளிக்கான வரவுக் குறிப்பை இத்துடன் இணைத்துள்ளோம். இதனைக் கழித்த பின் செலுத்த வேண்டிய தொகை 4,905 வெள்ளி. மே 30, வெள்ளிக்கிழமை, மாலை 5 மணி என்னும் தவணையில் மாற்றம் இல்லை."

பிழையை ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டோம், நீட்டவில்லை. தொகை மாறிற்று, நாள் மாறவில்லை. இந்த இடத்தில் பல கடிதங்கள் தவறிவிடுகின்றன. தம் பக்கம் பிழை இருந்தது என்னும் கூச்சத்தில், "ஆகவே தங்கள் வசதிப்படி செலுத்தலாம்" என்று எழுதிவிடுவர். 218 வெள்ளிப் பிழைக்கு 4,905 வெள்ளியின் தவணையை விட்டுக்கொடுப்பது கணக்கும் அன்று, பணிவும் அன்று.

கடைக்காரர் மூன்றாம் வாயிலால் வந்து, தவணை கேட்டிருந்தால், இசைவை எழுத்தில் பெற வேண்டும். எந்த நாளில் எவ்வளவு என்பதோடு, எந்தப் பட்டியலுக்கு என்பதையும் எழுதிக் கையொப்பம் பெறுவது நன்று. பணம் செலுத்துபவர், இன்ன பட்டியலுக்கு என்று சொல்லிச் செலுத்தினால் அப்படியே வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லாதபோது பெறுபவர் முடிவு செய்யலாம் என்பது பொது விதி. அக்கையொப்பத்துக்கு வேறொரு பயனும் உண்டு. ஒப்பந்தக் கடனுக்குச் சிங்கப்பூரில் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். கடன் உண்டு என்று கையொப்பமிட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோ, அக்காலம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆகவே நல்ல கடிதத்துக்கு வரும் பதிலே ஒரு சான்றாகிறது. மிரட்டும் கடிதத்துக்குப் பதில் வருவதில்லை.

பதில் வாராவிட்டால்

மே 30 கடந்தும் பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை என்றால், ஜூன் 2, திங்கட்கிழமை, அடுத்த கடிதம் போக வேண்டும். தவணை கடந்த முதல் வேலைநாளில் எழுதுவதே தவணைக்கு மதிப்பளிப்பது. மூன்று வாரம் கழித்து எழுதினால், முந்தைய தேதி வெறும் அலங்காரம் என்று ஆகிவிடும். அக்கடிதம் முதற்கடிதத்தைவிடச் சுருக்கமாக இருக்கும்:

"மே 19ஆம் தேதியிட்ட எங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட 5,123 வெள்ளி, மே 30ஆம் தேதி மாலை 5 மணிவரை வந்து சேரவில்லை, தங்களிடமிருந்து பதிலும் கிடைக்கவில்லை. ஜூன் 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை 5 மணிக்குள் இத்தொகை சேராவிடில், சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனுச் செய்ய இருக்கிறோம். அதற்கு முன் பேசித் தீர்க்கத் தாங்கள் விரும்பினால், கீழ்க்காணும் எண்ணில் எங்களை அழைக்கலாம்."

'தாங்கள்' இறங்கவில்லை, சொற்கள் சூடேறவில்லை. "கடும் நடவடிக்கை" என்னும் தெளிவற்ற தொடருக்குப் பதிலாக, எங்கே, என்ன, எப்போது என்பது வந்திருக்கிறது. அம்மன்றம் பொருள் விற்பனை ஒப்பந்தங்கள் பற்றிய கோரிக்கைகளை விசாரிக்கிறது. வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் 30,000 வெள்ளி. வழக்கறிஞர் அங்கே தரப்பினருக்காக வாதாட முடியாது. மனுவை, உரிமை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே "எப்போதாவது கேட்டுக்கொள்ளலாம்" என்று இருப்பவர் எளிய வழியை இழப்பார்.

வழக்கறிஞர் இல்லாத அவ்விடத்தில் வழங்குநருக்காகப் பேசுவன அவர் வைத்திருக்கும் தாள்களே. விலைப்பட்டியல், கையொப்பமுள்ள டெலிவரி ஆர்டர், வாட்ஸ்அப் செய்தி, இரண்டு கடிதங்கள். அந்தக் கடிதங்களை அன்று மூன்றாவது ஒருவர் படிப்பார். எழுதும்போதே அவரை மனத்தில் வைத்துக்கொண்டால், "பொறுமைக்கும் எல்லை உண்டு" என்று எழுதத் தோன்றாது; "சிறு தொகை" என்று எழுதவும் தோன்றாது.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். அலுவலகக் கடிதம் கற்பிக்கும்போது, விளிச்சொல்லும் முடிப்புச் சொல்லும் எங்கே வர வேண்டும் என்பதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். மாணவரிடம் இப்படி ஒரு கடிதத்தை எழுதச் சொல்லுங்கள். எழுதிய பின், அதில் உள்ள பணிவுச் சொற்களையும் கோபச் சொற்களையும் பென்சிலால் அடிக்கச் சொல்லுங்கள். எஞ்சியதைப் படித்து, எவ்வளவு, எதற்கு, எந்த நாளுக்குள், எந்தக் கணக்கில், இல்லையேல் யாரிடம் சொல்வது என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால், அடித்த சொற்களில் எவற்றைத் திரும்பச் சேர்க்கலாம் என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். பெரும்பாலும் ஒரு "வணக்கம்", ஒரு "கேட்டுக்கொள்கிறோம்", ஒரு "நமது" மட்டுமே திரும்பி வரும்.

தமிழில் எழுதினால் கெஞ்சுவது போல் இருக்கிறது என்று சொன்ன வணிகருக்கு நாம் தரக்கூடிய விடை அந்தத் தாளில் இருக்கும். அடுத்த முறை அவர் கணக்கைத் திறந்து கடிதம் எழுத அமரும்போது, மொழியை மாற்ற வேண்டிய தேவை இராது.